வால் எலும்பின் மேல் ஒரு கட்டி

நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னால், ஓரத்தில் ஒரு தொடையை மட்டும் வைத்து, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொள்ளும் இளைஞர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தோட்டத்து டிரெஸ்ஸராகத் தொடங்கி, பிறகு அரசு மருத்துவமனையின் சிறு அறுவை அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அப்படி உட்காருகிறவனிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் "முதுகு" என்பான். இன்னும் கொஞ்சம் கீழேயா என்று கேட்டால் தரையைப் பார்ப்பான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். பிட்டத்தில் கட்டி என்று சொல்லிவிட்டு மறுநாள் கடைத்தெருவில் எப்படி நடப்பது என்ற கவலைதான் வலியைவிடப் பெரிதாக இருக்கும்.

சென்ற ஆண்டு இப்படி வந்தவன் பக்கத்து வரிசை வீட்டுப் பையன். வயது 22. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். வார இறுதியில் வால் எலும்புப் பக்கம் லேசாகக் குத்தியிருக்கிறது. லாரி குதித்ததில் அடிபட்டிருக்கும் என்று விட்டுவிட்டான். இரண்டு நாளில் உட்கார முடியவில்லை. அவன் அம்மா அது மூலம் என்று முடிவு செய்து, கடையில் விற்கும் மூலக் களிம்பை வாங்கித் தந்திருக்கிறார். அது பலிக்காமல் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போய், நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கி வந்திருக்கிறான். மாத்திரை சாப்பிட்டதும் சிவப்பு கொஞ்சம் குறைந்தது, வலியும் கொஞ்சம் அடங்கியது, கட்டி மட்டும் அப்படியே இருந்தது. நான்காம் நாள் இரவு குளிர் காய்ச்சல் வந்தபோதுதான் அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினார். "டிரெஸ்ஸர் அண்ணா, பையனைக் கொஞ்சம் பாருங்கள், அவன் எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறான்."

குப்புறப் படுக்கச் சொல்லி, பிட்டத்துப் பிளவை இரண்டு கைகளாலும் விலக்கிப் பார்த்தேன். பிளவு தொடங்கும் இடத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கமாக, சிவந்து பளபளத்த வீக்கம். தொட்டால் சுடுகிறது. நடுவில் மெல்ல அழுத்தினால் உள்ளே திரவம் அசைவது விரலுக்குத் தெரிகிறது. இதுவரை எந்தச் சீழ்க்கட்டிக்கும் பொருந்தும். நோயைக் காட்டிக்கொடுத்தது வீக்கம் அல்ல. அதற்குக் கீழே சரியாக நடுக்கோட்டில், ஊசிமுனை அளவில் இருந்த இரண்டு துளைகள். ஒன்றிலிருந்து ஒரு முடி எட்டிப் பார்த்தது. மேலே ஒருபக்கம் வீக்கம், கீழே நடுவில் துளை, துளையில் முடி. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது பைலோனிடல் சீழ்க்கட்டி. ஸ்கேன் எதுவும் தேவையில்லை.

மூலமாக இருந்தால் ஆசனவாயில் இருக்கும். பவுத்திரத்துக்கு வழிவிடும் கட்டியும் ஆசனவாயை ஒட்டியே வரும். மலம் கழிக்கும்போது உயிர் போகும். இந்தப் பையனுக்குக் கட்டி ஆசனவாய்க்கு வெகு மேலே இருந்தது, மலம் கழிப்பதில் சிரமம் இல்லை. உட்காருவதும் வண்டியில் குலுங்குவதும்தான் வேதனை. இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆசனவாய்க் கட்டி வேறு நோய், அதற்கு வேறு அறுவை.

துளைகள் எங்கிருந்து வந்தன? ஒரு காலத்தில் இதைப் பிறவிக் குறை என்றுதான் கற்பித்தார்கள். கருவில் மூடாமல் விட்டுப்போன ஏதோ ஒரு குழி என்று. அந்த எண்ணத்தை ஆட்டிப் பார்த்தது போர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையில் ஏறத்தாழ 80,000 பேர் இந்தக் கட்டிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கரடுமுரடான பாதையில் ஜீப் ஓட்டியவர்களிடம் அதிகம் காணப்பட்டதால் 1944இல் ஒரு மருத்துவர் இதை 'ஜீப் நோய்' என்றே எழுதினார். முடிதிருத்துபவர்களுக்கு விரல் இடுக்கில் இதே நோய் வருவதும் தெரியவந்தது. வாடிக்கையாளரின் முடி தோலுக்குள் புகுந்து கூடு கட்டிவிடுகிறது. விரல் இடுக்கில் பிறவிக் குழி ஏது? வெளியிலிருந்து வரும் முடிதான் காரணம் என்ற விளக்கத்தைத்தான் இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

பிளவு ஆழமாக இருக்கிறது, வியர்க்கிறது, உட்கார்ந்து எழும்போதெல்லாம் இரு பக்கமும் உரசுகிறது. உதிர்ந்த முடி அங்கே சிக்கினால், உரசல் அதைத் தோலுக்குள் தள்ளுகிறது. முடியின் மேற்பரப்பில் உள்ள செதில்கள் ஒரே திசையில் படிந்திருப்பதால் உள்ளே போன முடி திரும்பி வருவதில்லை. புல்லின் கதிர் வேட்டியில் ஏறிக்கொள்வதைப் போல முன்னேறிக்கொண்டே இருக்கும். இதில் என்னை வியக்க வைத்தது அண்மைக் காலத்தில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது. கட்டிக்குள்ளிருந்து எடுத்த முடிகளில் பெரும் பகுதி பிட்டத்து முடியே அல்ல. வேர் இல்லாத, கத்தரித்த கூர்முனை கொண்ட, தலை முடித் துண்டுகள். பிடரியில் வெட்டிய முடி சட்டைக்குள் விழுந்து, முதுகு வழியாக இறங்கி, பிளவில் போய்ச் சேர்கிறது. நம் பையன்கள் மாதம் இரண்டு முறை பிடரியை ஒட்டச் சிரைத்துக்கொண்டு, துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நேராக லாரியில் ஏறுகிறார்கள். முடிவெட்டிய உடன் குளித்துவிடு என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். பாட்டி சொன்ன தீட்டுக் கணக்கும் இதுவும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மாத்திரை ஏன் போதவில்லை என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. சீழ் நிறைந்த அறைக்குள் இரத்தக்குழாய் இல்லை. விழுங்கிய மருந்து இரத்தத்தோடு கட்டியின் சுவர்வரைதான் போகிறது, உள்ளே போதிய அளவு இறங்குவதில்லை. அப்படியே இறங்கினாலும், முடிக்கற்றை உள்ளே கிடக்கும்வரை கிருமிகளுக்கு ஒளிய இடம் இருக்கிறது. சுற்றியுள்ள தோலின் அழற்சியை மாத்திரை தணிக்கும். அதனால் சிவப்பு குறைந்து, குணமாகிவிட்டது போல ஒரு தோற்றம் வரும். இந்தப் பொய்யான அமைதியில்தான் நாள்கள் வீணாகின்றன. சிவப்பு தூரம்வரை பரவியிருந்தாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ, நீரிழிவு போன்ற காரணத்தால் உடம்பு பலவீனமாக இருந்தாலோ நுண்ணுயிர்க்கொல்லி தேவைதான். ஆனால் அது கீறலுக்குத் துணை, கீறலுக்குப் பதில் அல்ல.

அவனுடைய இரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. காய்ச்சல் 38.4. வீட்டில் நானே கீறிவிடலாமே என்று அம்மா கேட்டார். நான் முடியாது என்றேன். கட்டியின் கிளைகள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பது வெளியிலிருந்து தெரியாது, சமையலறை மேசையில் வைத்து மரத்துப்போக ஊசி போடுவதும் முறையல்ல. சாப்பாடு கொடுக்காதீர்கள், தேவைப்பட்டால் மயக்கம் கொடுப்பார்கள் என்று சொல்லி, விடிந்ததுமே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். காரின் பின் இருக்கையில் குப்புறப் படுத்தபடியே வந்தான்.

செய்வது சின்ன அறுவைதான். ஆனால் எங்கே கீறுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குப்புறப் படுக்க வைத்து, பிளவு விரிந்து நிற்கும்படி இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஒட்டி இழுத்துக் கட்டினார்கள். கட்டியைச் சுற்றி வட்டமாக, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஊசி போட்டார்கள். இந்த ஊசியைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. அழற்சி உள்ள சதை அமிலத்தன்மை கொண்டது, அங்கே மருந்து நன்றாக வேலை செய்வதில்லை. கீறும்போது அழுத்தமும் ஓரளவு எரிச்சலும் தெரியும். கட்டி பெரிதாக இருந்தாலோ, நோயாளி தாங்க மாட்டார் என்றாலோ முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள், அல்லது முழு மயக்கம் கொடுப்பார்கள். இவனுக்குச் சுற்றி ஊசியே போதுமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தான்.

கத்தி நடுக்கோட்டில் இறங்கவில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடப்பக்கம் தள்ளி, நடுக்கோட்டுக்கு இணையாக நீள்வாக்கில் இறங்கியது. நடுக்கோடு பிளவின் அடியில் இருக்கிறது. ஈரம், உரசல், இழுவிசை எல்லாம் அங்கேதான். அங்கே வெட்டிய காயம் ஆற மறுக்கும், மாதக் கணக்கில் வாய் திறந்து நிற்கும். பக்கவாட்டில் காற்றுப்படும் தோலில் வெட்டினால் ஆறுவது எளிது. அறுவை அறையில் புதிதாக வரும் இளம் மருத்துவர்களுக்கு நிபுணர்கள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

கீறியதும் சீழ் பீறிட்டது. நாற்றம் அறை முழுவதும் பரவும். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளின் வாடை அது. நோயாளிகள் வெட்கப்படுவார்கள், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. மருத்துவர் விரலை உள்ளே விட்டு, தடுப்புச் சுவர்களை உடைத்து, ஒளிந்திருந்த சிறு அறைகளையும் திறந்தார். பிறகு இடுக்கியால் முடியை எடுத்தார். ஒரு சிறு கற்றை, சேறு படிந்த நிறத்தில். முடியை எடுக்காமல் சீழை மட்டும் வடித்துவிட்டால் கட்டி திரும்பி வரக் காத்திருக்கும். உப்புநீரால் கழுவி, கீறலின் ஓரத்தில் சிறிது தோலை வெட்டி எடுத்து, வாய் உடனே ஒட்டிக்கொள்ளாதபடி செய்தார். தையல் போடவில்லை. போடவும் கூடாது, உள்ளே கிருமி இருக்கும்போது வாயைத் தைத்தால் அதே கட்டியை மறுபடி தயாரித்தது போலத்தான். கசிவை உறிஞ்சும் அல்ஜினேட் பட்டையை உள்ளே தளர்வாக வைத்து மேலே காஸ் துணி ஒட்டினார்கள். எழுந்து நின்றவன் சொன்ன முதல் வார்த்தை, "ஐயா, வலி போய்விட்டது." உள்ளழுத்தம் இறங்கியதும் வரும் நிம்மதி அது, மருந்தின் வேலை அல்ல. எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு மாலையே வீடு திரும்பிவிட்டான்.

இனிமேல்தான் வேலை. பலர் அறுவைதான் சிகிச்சை என்று நினைக்கிறார்கள்; நான் ஏற்க மாட்டேன். திறந்த காயம் அடியிலிருந்து மேல்நோக்கி நிரம்ப வேண்டும். மேல்தோல் அவசரப்பட்டு முதலில் மூடிவிட்டால் அடியில் வெற்றிடம் தங்கி, மறுபடி சீழ் சேரும். ஒவ்வொரு நாளும் குளியலறையில் பட்டையைத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிரித்து, காயத்தின்மேல் குழாய் நீரை ஓடவிட்டுக் கழுவச் சொன்னேன். பயந்தான். ஓடும் தண்ணீர் புண்ணுக்குக் கெடுதல் என்று ஊரில் சொல்கிறார்கள். இந்தப் புண்ணுக்கு அதுதான் நல்லது. மலம் கழித்த பிறகும் ஒரு முறை கழுவ வேண்டும். அதன்பின் அருகிலுள்ள அரசு கிளினிக்கில் புதுப் பட்டை வைப்பார்கள். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி.

பட்டையை இறுக்கித் திணிப்பது பழைய வழக்கம். நானும் அப்படித்தான் பயிற்சி பெற்றேன். இறுக்கித் திணித்தால் மாற்றும்போது வலி அதிகம், சீழ் வடியவும் வழியில்லாமல் போகும். இப்போது தளர்வாகத்தான் வைக்கிறார்கள், சில மருத்துவர்கள் ஒன்றும் வைப்பதே இல்லை. பட்டை மாற்றுவதற்கு அரை மணி முன்னால் பாராசிட்டமால் சாப்பிட்டால் பையனின் முகம் கோணாமல் இருந்தது.

அம்மா மஞ்சள்தூளைக் காயத்தில் தூவ வந்தார். நல்லெண்ணம்தான், ஆனால் தூள் ஈரத்தில் உருண்டு அடியில் தங்கிவிடும். முடியை எடுத்த இடத்தில் இன்னொரு அந்நியப் பொருளை வைப்பதாகிவிடும். பொவிடோன் அயோடினையும் பெராக்சைடையும் தினமும் ஊற்றுவதையும் நிறுத்தினேன். அவை கிருமியோடு புதுச் சதையையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

காயம் சரியான வழியில் போகிறதா என்று பார்க்க, சுத்தமான பஞ்சுக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு ஆழத்தை அளப்பேன். முதல் வாரம் 3 சென்டிமீட்டர் இருந்தது, மூன்றாம் வாரம் 1 சென்டிமீட்டருக்கு வந்தது. அடிப்பகுதி செக்கச்செவேலென்று மணிமணியாக இருந்தால் நல்ல சதை. சாம்பல் நிறமாக வழவழப்பாக, நாற்றத்துடன் இருந்தால் உள்ளே கழுவாத இடம் இருக்கிறது. இரண்டு ஓரமும் நடுவில் பாலம் போட்டு ஒட்டிக்கொண்டு, அடியில் குழி இருந்தால் அந்தப் பாலத்தைப் பிரித்துவிட வேண்டும். இவனுக்கு நான்காம் வாரத்தில் அப்படி ஒரு பாலம் வந்தது. குச்சி மேலே எளிதாக நின்றுவிட்டது, ஆனால் பக்கத்தில் அழுத்தினால் கீழிருந்து கொஞ்சம் நீர் கசிந்தது. கிளினிக்கில் விரலால் மெல்லப் பிரித்தபோது உள்ளே ஒரு முடி கிடந்தது. எங்கிருந்து வந்தது? சுற்றியுள்ள தோலில் முளைத்து, காயத்துக்குள் சாய்ந்து விழுந்த முடி. அதன் பிறகு காயத்தைச் சுற்றி 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு வாரம் ஒருமுறை முடியைக் கத்தரித்துவிட்டோம். சவரக் கத்தியைக் காயம் ஆறிய பிறகும் காலம் முழுக்கப் பயன்படுத்தச் சொல்லமாட்டேன். தொடர்ந்து சவரம் செய்தவர்களுக்கு நோய் திரும்பியது அதிகம் என்று காட்டிய ஆய்வும் உண்டு. லேசரால் முடியை வேரோடு குறைப்பது பலருக்குப் பலன் தந்திருக்கிறது, செலவுதான் தடை.

ஆறு வாரம் கழித்து காயம் மூடிவிட்டது. லாரி முதலாளி ஆள் தேடிக்கொண்டிருந்தார், பையனும் அவசரப்பட்டான். ஆனால் நடுக்கோட்டிலிருந்த இரண்டு துளைகளும் அப்படியே இருந்தன. வடித்தது கட்டியை, வாசல்கள் திறந்தேதான் இருக்கின்றன. வடித்ததோடு நிரந்தரமாகக் குணமடைகிறவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர் என்று சொல்லலாம். மற்றவர்களுக்குச் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மறுபடி கட்டி வரும், அல்லது கட்டியே இல்லாமல் உள்ளாடையில் தினமும் ஒரு கறை படியும். கறை மட்டும்தானே என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது சரியல்ல. பல பத்தாண்டுகள் ஆறாமல் கசிந்த துளையில், மிக அரிதாக, தோல் புற்றுநோய் வந்திருக்கிறது.

நோய் திரும்பினால் செய்யும் அறுவை வேறு. அதைச் சீழ் நிறைந்த நேரத்தில் செய்வதில்லை. வடித்து, ஆறி, அடங்கிய பிறகுதான் செய்வார்கள். துளைகள் ஒன்றிரண்டாக இருந்தால் அவற்றை மட்டும் சிறு வட்டங்களாக வெட்டி எடுத்து, உள்ளறையைப் பக்கவாட்டில் சுத்தம் செய்தால் போதும். பரவியிருந்தால் முழுப்பகுதியையும் எடுக்க வேண்டும். அப்போது நோயாளி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "தையல் நடுவில் வருமா, பக்கத்தில் வருமா?" நடுவில் தைத்து மூடினால் ஆறத் தாமதமாகும், திரும்பி வருவதும் அதிகம். கிரேக்க அறுவை மருத்துவர் கரிடாக்கிஸின் பெயரால் அறியப்படும் முறையில் தையல்கோட்டைப் பக்கவாட்டுக்குத் தள்ளி, பிளவின் ஆழத்தையும் குறைத்துவிடுகிறார்கள். சாய்சதுரமாகச் சதையைத் திருப்பி மூடும் லிம்பெர்க் முறையும் உண்டு. அதில் தழும்பு பெரிது. இருபது வயதுப் பெண்ணுக்குத் தழும்பும் ஒரு கணக்குதான், அதையும் மருத்துவரிடம் கேட்கலாம்.

நிபுணர் பையனுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார். காத்திருந்து பார்ப்பது, அல்லது அந்த இரண்டு துளைகளையும் மரக்கச் செய்து எடுத்துவிடுவது. லாரி ஓட்டாதவனாக இருந்தால் நான் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். செம்மண் சாலையில் நாள் முழுக்கக் குலுங்குகிறவனுக்கு, வியர்வையில் ஊறிய கால்சட்டையோடு எட்டு மணி நேரம் உட்காருகிறவனுக்கு, எடுத்துவிடுவதே மேல் என்றேன். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு மறுபடி வந்து, பண்டிகை முடிந்து தேதி வாங்கித் தரச் சொன்னான். தேதி வாங்கியாயிற்று. அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லாரியை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும், வேலை முடிந்த உடன் குளிக்க வேண்டும், முடிவெட்டுவது குளிக்கப் போகும் நேரத்தில்தான் என்று சொல்லியிருக்கிறேன்.